மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் மாணவரின் வரி: சான்று வரி முறை நீண்ட நாள் பயன்பாட்டில் எப்படி இருக்கிறது?

மதுரைப் பக்கம் மேல்நிலை வகுப்புகளுக்குக் கட்டுரைப் பயிற்சி கொடுப்பவர்கள், பொதுவான ஒரு மதிப்பெண் போடுவதை விட்டு அளவுகோல் வாரியாகத் திருத்தத் தொடங்கினால் ஒரு கேள்வி உடனே வரும்: “இந்த அளவுகோலில் ஏன் எனக்கு ஒன்றுதான்?” அதற்கான பதிலை முன்கூட்டியே தாளில் எழுதிவைப்பதுதான் சான்று வரி முறை. ஒவ்வொரு அளவுகோலின் முடிவுக்கும் பக்கத்தில், அந்த முடிவுக்குக் காரணமான சிறு பகுதியை மாணவர் எழுதியபடியே எடுத்து வைக்க வேண்டும். திருத்துபவரின் விளக்கம் அந்தக் கட்டத்தில் வரக் கூடாது. முறை எளிமையானதுதான். ஆனால் தமிழில் இதைச் செய்யும்போது சில இடங்களில் தவறாமல் சறுக்கும். அந்த இடங்களைப் பற்றித்தான் இங்கே கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு மாதிரியை வைத்துப் பார்க்கலாம். தலைப்பு: “வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் ஆண்டு முழுவதும் தண்ணீர் இருக்க வேண்டுமா?” மாணவர் எழுதிய பத்தி இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

“இந்தத் தெப்பக்குளம் 1645இல் திருமலை நாயக்கர் காலத்தில் வெட்டப்பட்டது. தைப்பூசத் தெப்பத் திருவிழாவுக்கு மட்டும் குளம் நிறைந்திருந்தால் போதாது. வைகையில் தண்ணீர் வரும்போது பனையூர் கால்வாய் வழியாக இதை நிரப்பி வைக்கலாம். குளத்தில் தண்ணீர் நின்றால் சுற்றுத் தெருக்களில் ஆழ்துளைக் கிணறுகளின் நீர்மட்டம் உயரும். தேங்கிய தண்ணீரில் கொசு பெருகும் என்று சிலர் சொல்கிறார்கள். ஆனாலும் குளம் மதுரைக்கு அழகு.”

அளவுகோல் நான்கு: நிலைப்பாடு தெளிவாக இருக்கிறதா, அதற்குக் காரணம் சொல்லப்பட்டிருக்கிறதா, வாதத்துக்கு உதவும் குறிப்பான விவரம் ஒன்றாவது இருக்கிறதா, எதிர்க்கருத்தை எடுத்துப் பதில் சொல்லியிருக்கிறாரா. ஒவ்வொன்றுக்கும் உண்டு என்றால் 2, பகுதி என்றால் 1, இல்லை என்றால் 0.

முதல் மூன்றும் சிக்கலில்லாதவை. நிலைப்பாட்டுக்கு “திருவிழாவுக்கு மட்டும் குளம் நிறைந்திருந்தால் போதாது”. காரணத்துக்கு “தண்ணீர் நின்றால் சுற்றுத் தெருக்களில் ஆழ்துளைக் கிணறுகளின் நீர்மட்டம் உயரும்”. விவரத்துக்கு 1645 என்ற ஆண்டு சட்டென்று கண்ணில் படும், ஆனால் அந்த ஆண்டு வாதத்துக்கு எதுவும் செய்யவில்லை. சரியான சான்று “பனையூர் கால்வாய் வழியாக இதை நிரப்பி வைக்கலாம்”. வேலை நான்காவதில்தான். அவசரத்தில் திருத்துபவர் “ஆனாலும்” என்ற சொல்லைப் பார்த்ததும் பதில் வந்துவிட்டது என்று 2 போட்டுவிடுவார். சான்று வரி எழுத வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால் இரண்டு வரிகளையும் அடுத்தடுத்து எடுத்து வைப்பார்: “கொசு பெருகும் என்று சிலர் சொல்கிறார்கள்”, “ஆனாலும் குளம் மதுரைக்கு அழகு”. பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் விஷயம் வெளியே வந்துவிடுகிறது. கொசுவுக்கு அழகு பதில் ஆகாது. எதிர்க்கருத்து எடுக்கப்பட்டிருக்கிறது, பதில் இல்லை. எனவே பகுதி, 1. மொத்தம் 8க்கு 7. மாணவருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. அடுத்த முறை கொசுவைப் பற்றி ஒரு வாக்கியம் எழுத வேண்டும் என்பது அவருக்கே புரியும்.

இந்த முறையிலிருந்து ஒரே ஒரு விதியைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றால், நான் சொல்வது இது: வரியைச் சுருக்கும்போது இடப்பக்கம் வெட்டுங்கள், வலப்பக்கம் வெட்டாதீர்கள். தமிழ் வாக்கியத்தில் எதிர்மறை கடைசியில் நிற்கிறது. இது யாருடைய கருத்து என்பதும் பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது. “திருவிழாவுக்கு மட்டும் குளம் நிறைந்திருந்தால்” என்று நிறுத்திவிட்டால், அதற்குப் பின்னால் “போதும்” இருந்ததா “போதாது” இருந்ததா என்று தெரியாது. “தேங்கிய தண்ணீரில் கொசு பெருகும்” என்று மட்டும் எடுத்தால், மாணவர் மறுக்க நினைத்த கருத்து அவருடைய சொந்தக் கருத்தாகிவிடும். இரண்டு வெட்டிலும் ஒரு சொல்கூடப் பொய்யில்லை, ஆனால் சான்று தலைகீழாகிவிட்டது. ஆகவே வினைமுற்று வரை, “என்று சொல்கிறார்கள்” இருந்தால் அதுவரை எடுக்க வேண்டும். நீளம் ஐந்து சொல்லிலிருந்து பன்னிரண்டு சொல்லுக்குள் இருந்தால் போதும். இடப்பக்கம் வெட்டியதில் “அது”, “இதனால்” என்று தொங்கும் சொல் மிஞ்சினால், அது எதைச் சுட்டுகிறதோ அந்தச் சொல் வரை இடப்பக்கமாகப் போக வேண்டும்.

இரண்டாவது சறுக்கல் தமிழாசிரியர்களுக்கே உரியது. மாணவர் “பனையூர் கால்வாய்” என்று எழுதியிருப்பார். சான்று வரியில் கை தானாகவே “பனையூர்க் கால்வாய்” என்று ஒற்று சேர்த்துவிடும். “தண்ணிர்” என்று இருந்தால் “தண்ணீர்” ஆகிவிடும். நல்ல எண்ணம்தான். ஆனால் திருத்திய வரி மாணவரின் வரி இல்லை. பிழையின்மை ஓர் அளவுகோலாக இருந்தால், குறைத்த மதிப்பெண்ணுக்கான சான்றையே நாம் அழித்துவிட்டோம் என்றாகிறது. அதனால் தட்டச்சில் வந்த கட்டுரைகளுக்கு வரியைப் பார்த்து எழுதாமல் நகலெடுத்து ஒட்டுவதே நல்லது.

ஒட்டிய வரி கட்டுரையில் அப்படியே இருக்கிறதா என்பதை கூகுள் ஷீட்ஸே சோதித்துச் சொல்லும். கட்டுரை முழுவதையும் `B1`இல் வைக்கலாம். ஒட்டுவதற்கு முன் கட்டத்தை இரட்டைச் சொடுக்கிட்டுத் திறந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் பத்திகள் தனித்தனி வரிசைகளாகச் சிதறும். மூன்றாம் வரிசையிலிருந்து `A`இல் அளவுகோல், `B`இல் சான்று வரி, `D`இல் முடிவு, `E`இல் குறிப்பு. `C3`இல் இந்தச் சூத்திரம்:

```
=IF(B3="","வரி இல்லை",IF(ISNUMBER(FIND(TRIM(B3),$B$1)),"உள்ளது","சரிபார்"))
```

முதலில் உள்ள வெற்றுச் சோதனையை நீக்கிவிட வேண்டாம். வெறும் கட்டத்தைத் தேடினால் `FIND` 1 என்று விடை தரும், சான்றே இல்லாத வரிசை “உள்ளது” என்று காட்டும். இரண்டு வரி தேவைப்படும் அளவுகோலுக்கு இரண்டு வரிசை ஒதுக்குங்கள். இரண்டையும் ஒரே கட்டத்தில் புள்ளிகள் வைத்து இணைத்தால் தேடல் தோற்கும்.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் வரிக்கு “சரிபார்” என்று வந்தால் காரணம் பெரும்பாலும் எழுத்துக் குறியாக்கத்தில் இருக்கும். “கொ” என்பதில் உள்ள குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது, தேடலுக்கு இரண்டும் வேறு. “கோ”வுக்கும் இதே நிலை. இரண்டையும் ஒன்றாக்க, கட்டுரையையும் சான்று வரியையும் இதில் போட்டு எடுத்த பிறகு ஒப்பிடலாம்:

```
=SUBSTITUTE(SUBSTITUTE(B3,UNICHAR(3014)&UNICHAR(3006),UNICHAR(3018)),UNICHAR(3015)&UNICHAR(3006),UNICHAR(3019))
```

இணையப் பக்கத்திலிருந்து எடுத்த பகுதிகளில் சாதாரண இடைவெளிக்குப் பதில் `UNICHAR(160)` இருப்பதும் உண்டு, அதையும் இதே வழியில் மாற்றலாம். சில பிடிஎஃப் கோப்புகளிலிருந்து நகலெடுத்தால் கொம்பு எழுத்துக்கு முன்னால் போய் நிற்கும். அதைச் சூத்திரத்தால் சரிசெய்ய முயல வேண்டாம், மாணவரிடம் மூலக் கோப்பைக் கேட்டு வாங்குவதே குறைந்த வேலை.

“உள்ளது” என்று வந்துவிட்டால் முடிவும் சரி என்று நம்பிவிடக் கூடாது. வரி அங்கே இருக்கிறது என்பதை மட்டுமே சூத்திரம் சொல்கிறது. அந்த வரி முடிவைத் தாங்குகிறதா என்பதை ஆள்தான் பார்க்க வேண்டும். அதற்கு நல்ல வழி, `D`இல் உள்ள முடிவை மறைத்துவிட்டு அளவுகோலையும் சான்று வரியையும் மட்டும் இன்னோர் ஆசிரியரிடம் கொடுத்து அவரையே முடிவு போடச் சொல்வது. ஒரு கட்டில் ஐந்தாறு தாளுக்குச் செய்தாலே போதும். அவர் வேறு முடிவு போட்டால் வரி தவறாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது, அல்லது அளவுகோலின் சொற்கள் தெளிவாக இல்லை. ஒரே வரி இரண்டு அளவுகோலுக்குத் திரும்பத் திரும்ப வந்தால் பெரும்பாலும் இரண்டாவதுதான் காரணம். “தெளிவு”, “நிலைப்பாடு” என்று இரண்டு தலைப்பு வைத்திருந்தால் இது நடக்கும். ஒன்றை எடுத்துவிடலாம்.

உண்மை பற்றியும் இங்கே கவனம் வேண்டும். மாணவர் 1645க்குப் பதில் 1745 என்று எழுதியிருந்தாலும் அந்த வரி கட்டுரையில் “உள்ளது”தான். சான்று வரி அவர் என்ன எழுதினார் என்பதற்குச் சாட்சி. எழுதியது சரியா என்பதற்கு வெளியே உள்ள நூலைத்தான் பார்க்க வேண்டும். ஆண்டு, பெயர் ஆகியவற்றின் சரித்தன்மைக்கு மதிப்பெண் உண்டு என்றால் அதைத் தனி அளவுகோலாக வைத்து, ஒப்பிட்ட நூலின் பெயரையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

“இல்லை” என்ற முடிவுக்கு வரி கிடையாது. கட்டம் காலியாக இருக்கிறதே என்று தொடர்பில்லாத ஒன்றை ஒட்டுவதுதான் இந்த முறையில் நடக்கும் மோசமான பழக்கம். `B` காலியாகவே இருக்கட்டும். `E`இல் “முழுவதும் பார்த்தது, எதிர்க்கருத்து எங்கும் இல்லை” என்று எழுதினால் போதும். கிட்டத்தட்ட அளவுகோலைத் தொட்டுவிட்டு விலகிய வரி ஏதாவது இருந்தால் மட்டும் அதை `B`இல் வைத்து, எது குறைகிறது என்று `E`இல் நாலு சொல்லில் சொல்லலாம்.

வரிசை முக்கியம்: வரி முதலில், முடிவு பிறகு. முடிவைப் போட்டுவிட்டு வரி தேடினால், போட்ட முடிவுக்கு ஒத்துவரும் வரி எப்படியும் கிடைத்துவிடும். எதிராக நிற்கும் வரி கண்ணில் படாது. `D`இல், சான்றுக்கு வலப்பக்கம் முடிவை வைத்திருப்பது இதற்காகத்தான்.

நடை, ஒழுங்கு, பத்திகளின் தொடர்ச்சி போன்ற அளவுகோல்களில் இந்த முறை பலவீனமானது. பத்து சொல்லில் நடையைக் காட்ட முடியாது. தொடர்ச்சிக்கு ஒரு பத்தியின் கடைசி வரியையும் அடுத்த பத்தியின் முதல் வரியையும் எடுத்து வைத்தால் ஓரளவு பயன் உண்டு. நடைக்கு வரி கேட்பதை நிறுத்திவிட்டு, பத்தி எண்ணை மட்டும் குறிப்பதே நேர்மையானது.

கையெழுத்துத் தாள்களுக்குச் சூத்திரம் பயன்படாது, எழுதி எடுக்க நேரமும் ஆகும். அங்கே தாளிலேயே அந்த இடத்தின் கீழ் பென்சிலால் கோடிட்டு, ஓரத்தில் அளவுகோல் எண்ணைப் போடலாம். கோடு வினைமுற்றைத் தாண்டி முடிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.