பேடின் கனமும் தையலின் இடமும்: நீண்ட சவாரிக்கான சைக்கிள் ஷார்ட்ஸ் குறித்த நெடுநாள் அனுபவம்

பேட் வைத்த இரண்டு சைக்கிள் ஷார்ட்ஸ்களை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாக மாற்றி மாற்றி அணிந்து வருகிறேன். ஒன்றின் பேட், உட்காரும் எலும்புகளுக்குக் கீழே வரும் பகுதியில் 15 மி.மீ. கனம் கொண்டது, விரல் வைத்தாலே மெத்தென்று அமுங்கும். மற்றொன்றின் பேட் 10 மி.மீ. மட்டுமே, தொடும்போது சற்று விறைப்பாகவே தோன்றும். இரண்டும் தோள்வார் வைத்த பிப் வகை, இரண்டும் ஒரே அளவு. ஓட்டுவதும் ஒரே ரோடு பைக்கில், ஒரே இருக்கையில், உடலை ஓரளவு முன்னோக்கிச் சாய்த்த நிலையில்தான். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் சவாரிகளில் இவற்றுக்குள் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. கேட்டால் கனமான பேடையே சுகமானது என்பேன். நூறு கிலோமீட்டர், அதாவது ஐந்து மணி நேரத்தை ஒட்டிய சவாரியில் மூன்றாவது மணி நேரம் தொடங்கும்போது கணக்கு மாறிவிடுகிறது.

மெல்லிய பேட் ஏன் அதிக நேரம் தாங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள, உடலின் எடை எங்கே இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். இருக்கையில் அமரும்போது எடையின் பெரும்பகுதியை இடுப்பின் அடியில் இருக்கும் இரண்டு உட்காரும் எலும்புகள் தாங்குவதே முறை. நுரை மென்மையாக இருந்தால் அந்த எலும்புகள் அதற்குள் புதைகின்றன. புதையும் இடத்தில் நுரை முழுவதுமாக நசுங்க, இருபுறமும் நடுவிலும் நசுங்காமல் எஞ்சிய நுரை மேலெழுந்து, எலும்பே இல்லாத மென்தசைப் பகுதியை, குறிப்பாகத் தொடைகளுக்கு நடுவே உள்ள பகுதியைக் கீழிருந்து அழுத்துகிறது. நரம்புகளும் இரத்தக்குழாய்களும் செல்லும் அந்த இடத்தில் அழுத்தம் தொடர்ந்தால் மரத்துப்போகிறது. ஆகவே அதிகக் கனம் என்பது சில வேளைகளில் எடையை எலும்பிலிருந்து தசைக்கு மாற்றிவிடும் ஏற்பாடாகவே முடிகிறது. என் 15 மி.மீ. பேடில் மூன்றாம் மணி நேரத்தில் முதலில் வந்தது எலும்பு வலி அன்று, முன்பக்க மரப்புதான். எழுந்து நின்று சற்று மிதித்தால் அது நீங்கும். அமர்ந்த சில நிமிடங்களில் திரும்பி வரும்.

இதைத் தீர்மானிப்பது கனத்தைவிட நுரையின் அடர்த்தியே. உற்பத்தியாளர்கள் அதைக் கனமீட்டருக்கு இத்தனை கிலோ என்று குறிப்பார்கள். குறுகிய சவாரிக்கான பேடுகளில் 60 முதல் 80 வரையிலான எண்களும், நீண்ட நேரச் சவாரிக்கானவற்றில், குறைந்தது எலும்பு அமரும் பகுதியிலாவது, 120 அல்லது அதற்கு மேற்பட்ட எண்களும் பொதுவாகக் காணப்படும். பல பேடுகளில் ஒரே துண்டிலேயே இரண்டு மூன்று அடர்த்திகள் இருக்கும். எண் குறிக்கப்படாத ஷார்ட்ஸ்களுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. உள்புறத்தை வெளியே திருப்பி, பேடைக் கெட்டியான மேசையின் மீது விரித்து, மடக்கிய விரலின் முட்டியால் உடல் எடையைச் சற்றுச் சாய்த்து அழுத்திப் பாருங்கள். மேசையின் கடினம் முட்டியில் உறுத்தினால், அந்த நுரை எலும்புக்கு அடியிலும் அப்படியே தரைதட்டிவிடும். கடையில் எல்லோரும் செய்வதுபோல் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே பிடித்துப் பார்ப்பது, மென்மையை மட்டுமே சொல்லும். தாங்கும் திறனைச் சொல்லாது.

நிமிர்ந்து ஓட்டுபவர்களுக்கு இந்த முடிவு அப்படியே பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். உயரமான ஹேண்டில்பார் கொண்ட சைக்கிளில் எடை முழுவதும் பின்பகுதியில் இறங்குவதால், அங்கே கனமும் அகலமும் கூடிய பேட் உண்மையிலேயே உதவும். உடல் முன்னே சாயச் சாய, எடை தாங்கும் இடமும் எலும்புகளின் முன்பகுதியை நோக்கி நகர்கிறது. அப்போது பின்னால் குவிந்திருக்கும் நுரை பயனின்றிக் கிடக்க, முன்னால் இருக்கும் நுரை மட்டும் இடைஞ்சல் செய்யும். இதே காரணத்தால் ஷார்ட்ஸை அணிந்து நின்றபடி அதன் வசதியை மதிப்பிடுவதில் பயனில்லை. நல்ல பேட் அமர்ந்து குனியும் நிலைக்கு வளைத்துச் செய்யப்பட்டது. நிற்கும்போது அது பின்னால் தொங்குவதும் மடிவதும் இயல்பே.

தையலைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனெனில் வாங்குபவர்கள் கனத்தைக் கேட்கிறார்களே தவிர இதைக் கேட்பதில்லை. நிமிடத்துக்கு எண்பது சுற்று வேகத்தில் மிதிப்பவரின் ஒவ்வொரு தொடையும் ஒரு மணி நேரத்தில் 4,800 முறை மேலும் கீழும் போய்வருகிறது. ஐந்து மணி நேரத்தில் அது 24,000 முறை. இருக்கையின் மூக்குப் பகுதியை ஒட்டி, தொடையின் உட்புறத்தில் ஒரு தையல் வரி தடித்து நின்றால், அத்தனை முறையும் அது ஒரே கோட்டில் தோலைத் தேய்க்கும். வியர்வையில் ஊறிய தோலில் உராய்வு அதிகம் என்பதால், முதல் மணி நேரத்தில் தெரியாத தையல் நான்காம் மணி நேரத்தில் எரிச்சலாகத் தெரியவரும்.

சைக்கிள் ஷார்ட்ஸில் கவனிக்க வேண்டிய தையல்கள் இரண்டு வகை. முதலாவது, துணித்துண்டுகளை இணைப்பது. ஓவர்லாக் தையலில் இரு துணிகளின் ஓரங்களும் சேர்ந்து உள்பக்கம் ஒரு வரப்பாக நிற்கும். ஃபிளாட்லாக் தையலில் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டையாகப் படிந்துவிடும். பின்னது சிறந்தது என்பதில் ஐயமில்லை, ஆனால் தையலின் வகையைவிட அது ஓடும் இடமே முக்கியம் என்பது என் அனுபவம். என்னிடமுள்ள கனமான ஷார்ட்ஸில் தையல் ஃபிளாட்லாக்தான். இருந்தும் உள்தொடை வழியாக ஒரு வரி இறங்கி, இருக்கை மூக்கின் ஓரத்தில் சரியாக உரசுகிறது. மற்றொன்றில் உள்தொடை முழுவதும் ஒரே துண்டுத் துணியால் ஆனது; தையல்கள் தொடையின் முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன, அவற்றில் சில சாதாரண ஓவர்லாக் தையல்களே. எட்டுத் துண்டு, ஆறு துண்டு என்று விளம்பரங்களில் பெருமையாகக் குறிப்பிடுவது உடலோடு படிவதற்கு உதவலாம். அந்தத் துண்டுகள் எங்கே சந்திக்கின்றன என்பதைக் காணாமல் எண்ணிக்கையை மட்டும் நம்ப முடியாது.

இரண்டாவது, பேடைத் துணியோடு பிணைக்கும் சுற்றுத் தையல். இதில் கனம் மீண்டும் வந்து சேருகிறது. 15 மி.மீ. நுரை ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மெலிய வேண்டுமானால் நீண்ட சரிவு தேவை. அந்தச் சரிவைக் கொடுக்காமல் செங்குத்தாக இறக்கினால் ஓரம் ஒரு படிக்கட்டாகி, தையல் அதன் அடியில் ஒரு பள்ளமாக அமரும். அந்தப் படியின் விளிம்பில்தான் தொடைமடிப்பு உரசும். மெல்லிய பேடில் சரிவு தானாகவே இதமாக அமைந்துவிடுகிறது. மேலும், சுற்றுத் தையல் எங்கோ ஓரிடத்தில் தொடங்கி அங்கேயே வந்து முடியும். அந்த இடத்தில் நூல் இரட்டித்துச் சிறு முடிச்சுபோல் தடித்திருக்கும். அது முன்புற உச்சியிலோ பின்புற உச்சியிலோ இருந்தால் எடை அங்கே விழாது. பக்கவாட்டில், தொடைமடிப்பின் மேல் இருந்தால் அந்த ஷார்ட்ஸை நீண்ட சவாரிக்கு எடுக்காமல் இருப்பதே நல்லது. வாங்கும் முன் மணிக்கட்டின் உட்புறத்தைப் பேடின் ஓரம் முழுவதும் மெதுவாக ஓட்டிப் பார்த்தால், விரல் நுனிக்குத் தெரியாத தடிப்பும் தெரிந்துவிடும்.

சவாரிக்குப் பின் உடலில் எங்கே, எப்படிச் சிவந்திருக்கிறது என்பதைப் பார்த்தால் குறை எதில் என்று பெரும்பாலும் கண்டுபிடிக்கலாம். மெல்லிய கோடாக, ஒரு தொடையிலோ இரண்டிலுமோ சிவந்திருந்தால் அது தையலின் வேலை. உட்காரும் எலும்புகளின் மேல் வட்டமாக, தொட்டால் வலிக்கும் சிவப்பு இருந்தால் நுரை தரைதட்டுகிறது, அல்லது இருக்கையின் அகலம் எலும்புகளின் இடைவெளிக்குப் பொருந்தவில்லை. சிவப்பே இல்லாமல் மரப்பு மட்டும் இருந்தால், நுரை அதிகம் மென்மையாக இருக்கிறது அல்லது இருக்கையின் மூக்கு மேல்நோக்கி நிமிர்ந்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் புண்படுகிறது என்றால் ஷார்ட்ஸை மாற்றும் முன் இருக்கையின் உயரத்தைச் சரிபார்க்க வேண்டும். இருக்கை உயர்ந்திருந்தால் பெடலை எட்டுவதற்காக இடுப்பு ஒரு பக்கமாக ஆடும்.

உயரத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்று. கனமான பேடிலிருந்து மெல்லியதற்கு மாறினால், நசுங்கிய நிலையிலும் சில மில்லிமீட்டர் வேறுபாடு இருக்கும். அந்த அளவுக்கு உடல் இருக்கையில் கீழே இறங்கி, முழங்கால் கூடுதலாக மடங்கும். எனக்கு இருக்கையை 3 மி.மீ. உயர்த்திய பிறகே பழைய மிதிப்பு திரும்பியது. சவாரிக்குச் சவாரி ஷார்ட்ஸை மாற்றும்போதெல்லாம் இருக்கையைத் தொட முடியாதல்லவா. ஆகவே நீண்ட சவாரிக்கான ஷார்ட்ஸுக்கு ஏற்ற உயரத்தையே நிலையாக வைத்திருக்கிறேன்.

அளவு விஷயத்தில் தளர்வுக்கு இடமே இல்லை. துணி தோலோடு ஒட்டி நின்றால்தான் பேட் உடலோடு சேர்ந்து நகரும். தளர்ந்தால் பேட் இருக்கையோடு நின்றுவிட, தோல் அதன்மேல் வழுக்கும். உள்ளே உள்ளாடை அணியக் கூடாது என்பதும் இதனால்தான், தையலே இல்லாத பேடின் மேற்பரப்புக்கும் தோலுக்கும் நடுவே உள்ளாடையின் தையலைக் கொண்டுபோய் வைப்பதாக அது முடியும்.

துவைப்பதில் கனமான பேடின் இன்னொரு குறை வெளிப்பட்டது. மேல்துணி காய்ந்துவிட்ட பிறகும் நுரையின் உட்பகுதி ஈரமாகவே இருக்கும். அந்த ஈரத்தோடு மறுநாள் அணிந்தால் மயிர்க்கால்களில் கொப்புளம் கிளம்ப வாய்ப்பு அதிகம். இரண்டையும் உள்புறம் வெளியே தெரியத் திருப்பி, குளிர்ந்த நீரில், துணி மென்மையாக்கும் திரவம் சேர்க்காமல் துவைத்து, நிழலில் பேட் மேலே இருக்குமாறு உலர்த்துகிறேன். அந்தத் திரவம் துணியிழைகளின் மேல் படலமாகப் படிந்து வியர்வையை உறிஞ்சும் தன்மையைக் குறைத்துவிடும்; வெந்நீரும் உலர்த்தும் இயந்திரமும் லைக்ராவின் இழுவையைக் கெடுக்கும்.

இப்போது இரண்டின் நிலையும் இதுதான். கனமான பேடில் எலும்பு அமரும் இரண்டு இடங்களும் அழுத்திவிட்டு விட்டால் உடனே எழுவதில்லை. ஒரு பள்ளம் சில நொடிகள் நின்று, பிறகே மெல்ல நிரம்புகிறது, பக்கத்துப் பகுதியோ உடனே எழுகிறது. அதாவது நுரையின் மீள்திறன் அங்கே தீர்ந்துவிட்டது, இனி அது குறுகிய சவாரிக்கு மட்டுமே. மெல்லிய பேடில் நுரை இன்னும் உறுதியாகவே இருக்கிறது. ஆனால் பின்புறத் துணி வெளிச்சத்தில் பிடித்தால் மெலிந்து தெரியத் தொடங்கியிருக்கிறது, வலது தொடை மடிப்பருகே சுற்றுத் தையலில் இரண்டு கண்ணிகள் அவிழ்ந்துள்ளன. அவற்றை ஊசியால் தைக்க நினைத்து விட்டுவிட்டேன், ஏனெனில் கையால் இடும் முடிச்சு அங்கேதான் உறுத்தும்.