ஒரே படம், ஐந்து ஃபைல்: அசலைப் பிரித்தெடுக்க நான் ஏழு வருடமாகச் செய்து வருவது

மேற்கு மாம்பலத்தில் ஒரு ஃபோட்டோ கடையில் பிரிண்ட், ஃப்ரேம் வேலை பார்க்கிறேன். பழைய குடும்பப் படத்தைப் பெரிதாக்கி மாட்ட வேண்டும் என்று வருகிறவர்கள்தான் எங்களுக்கு அதிகம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஆல்பங்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போன வீடுகள் இந்தப் பக்கம் நிறைய. அங்கெல்லாம் பிரிண்ட் கையில் இல்லை. யாரோ எப்போதோ ஸ்கேன் செய்து வைத்திருந்தது, அதிலிருந்து பரவிய நகல்கள் மட்டும் சித்தப்பா, அத்தை, மாமா ஃபோன்களில் இருக்கும். "எது நல்லா இருக்கோ அத போடுங்க தம்பி" என்று எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புவார்கள்.

ஆரம்பத்தில் பிக்சல் அதிகம் உள்ள ஃபைலைத்தான் எடுத்தேன். அதில் ஒரு முறை பெரிய தவறு நடந்தது. இறந்துபோன ஒருவரின் படத்தை 12க்கு 18 அங்குலத்தில் போட்டுக் கொடுத்தேன். அவருடைய மகள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்பா மாதிரிதான் இருக்கு, ஆனா அப்பா இல்ல" என்றார். அது ஏதோ ஒரு ஆப்பில் போட்டுப் பெரிதாக்கிய நகல். கன்னத்துத் தழும்பையும் கண்ணோரச் சுருக்கத்தையும் ஆப் வழித்துத் தள்ளியிருந்தது, எனக்கு அது தெரியவில்லை. அதற்கப்புறம்தான் இந்த விஷயத்தை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன்.

சமீபத்திய ஒரு வேலையை வைத்தே சொல்கிறேன். ஜாபர்கான்பேட்டையிலிருந்து ஒரு அக்கா வந்தார். அவருடைய பெற்றோரின் அறுபதாம் கல்யாணப் படம், ஃபிலிமில் எடுத்தது. வெள்ளத்தில் பிரிண்ட் போய்விட்டது. கையில் ஐந்து ஃபைல். முதலாவது `IMG-20190114-WA0007.jpg`, 1067க்கு 1600 பிக்சல். இரண்டாவது `amma_appa_HD.jpg`, 2667க்கு 4000, அளவு 4.2 எம்பி. மூன்றாவது `scan0012.jpg`, 2400க்கு 3600, 2.9 எம்பி. நான்காவதும் அதே 2400க்கு 3600, பெயர் மட்டும் வேறு. ஐந்தாவது ஃபோனில் எடுத்த ஸ்கிரீன்ஷாட், பிஎன்ஜி ஃபைல்.

ஸ்கிரீன்ஷாட்டை உடனே ஒதுக்கிவிட்டேன். பிஎன்ஜி தன் பங்குக்கு எதையும் கெடுக்காது என்பது உண்மை. ஆனால் திரையில் தெரிந்ததைத்தானே அது பிடிக்கும், அதற்கு முன்னால் இழந்ததை அது எங்கிருந்து கொண்டு வரும்? வாட்ஸ்அப் ஃபைலைப் பெயரே காட்டிக்கொடுத்துவிட்டது. படமாக அனுப்பினால் அது அளவைக் குறைத்து, மீண்டும் அழுத்தி, கேமரா விவரங்களையும் நீக்கிவிடும். மீதி மூன்று. முதலில் இதை ஓட்டினேன்:

```
identify -format "%f %w %h %Q %b\n" *.jpg
```

இது இமேஜ்மேஜிக் என்ற படம் கையாளும் மென்பொருளின் கட்டளை. இதில் `%Q` என்பது ஜேபெக்கின் தர அளவு, ஃபைலுக்குள் இருக்கும் அட்டவணையைப் பார்த்து அது மதிப்பிட்டுச் சொல்வது. HD என்று பெயர் வைத்த ஃபைலுக்கு 97, ஸ்கேனுக்கு 88, நான்காவதற்கு 95 என்று வந்தது. இந்த எண்ணை நம்பித்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கடைசியாக எந்தத் தரத்தில் சேமித்தார்கள் என்பதை மட்டும்தான் இது சொல்லும். முப்பதில் அழுத்தி நாசமான படத்தைத் திறந்து 97ல் சேமித்தால் 97 என்றுதான் காட்டும், ஃபைலும் பெரிதாகிவிடும். ஏழு வருடத்தில் இந்த எண்ணை வைத்து மட்டும் நான் எதையும் முடிவு செய்ததில்லை. ஆனால் எண் ஒன்று சொல்லி, படம் வேறு சொன்னால், அந்த முரண்பாடே பெரிய தடயம்.

படம் சொல்வதைச் சுவரில்தான் படிக்க வேண்டும். எல்லாரும் முகத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள், நான் ஆட்களுக்குப் பின்னால் இருக்கும் வெறுஞ்சுவரைப் பார்ப்பேன். ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாக அழுத்துகிறது. அழுத்தம் அதிகமானால் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் நிறத்தில் ஒட்டாமல் போய், ஓடு பதித்த தரை போல ஒரு வலை தெரியும். சுவர் மாதிரி வழவழப்பான இடத்தில்தான் அது மாட்டிக்கொள்ளும். கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் படத்தைத் திறந்து 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, லெவல்ஸில் கறுப்பு முனையையும் வெள்ளை முனையையும் சுவரின் நிறத்துக்கு நெருக்கிக் கொண்டு வருவேன். மறைந்திருந்த வலை மேலெழும்பி வந்துவிடும்.

HD ஃபைலில் வலை வந்தது, ஆனால் கட்டம் 8 பிக்சல் இல்லை. ஒரு கட்டத்தை மட்டும் அளந்தால் கண் தவறும் என்பதால் பத்துக் கட்டங்களைச் சேர்த்து அளந்தேன். 200 பிக்சல் வந்தது, அதாவது கட்டத்துக்கு 20. எட்டு இருபதானால் இரண்டரை மடங்கு. வாட்ஸ்அப் ஃபைலின் 1600ஐ இரண்டரையால் பெருக்கினால் சரியாக 4000. அந்த வாட்ஸ்அப் நகலைத்தான் யாரோ இழுத்துப் பெரிதாக்கி, HD என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எதிலிருந்து பெரிதாக்கியது, எத்தனை மடங்கு என்பது வரைக்கும் இந்தச் சுவர் சொன்னதில் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

இருந்தாலும் இன்னொரு சோதனையையும் செய்துவிடுவேன், ஏனென்றால் இப்போது வரும் ஏஐ ஆப்கள் பெரிதாக்கும்போதே இந்த வலையைத் துடைத்துவிடுகின்றன. முகம் வருகிற மாதிரி ஒரு துண்டை வெட்டி, பாதியாகச் சுருக்கி, மறுபடி பழைய அளவுக்குக் கொண்டு வந்து, வெட்டிய துண்டோடு ஒப்பிடுவது:

```
magick a.jpg -crop 800x800+900+600 +repage k.png
magick k.png -resize 50% -resize 200% v.png
magick compare -metric RMSE k.png v.png null:
```

உண்மையிலேயே நுணுக்கம் உள்ள படம் பாதியாகச் சுருங்கினால் எதையாவது இழக்கும், திரும்பப் பெரிதாக்கினாலும் அது வராது. ஏற்கெனவே இழுத்துப் பெரிதாக்கிய படத்தில் இழப்பதற்கே ஒன்றும் இல்லை. கடைசி வரி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எண்ணாகச் சொல்லும், அதில் அடைப்புக்குறிக்குள் வரும் எண்ணைப் பார்க்க வேண்டும். ஸ்கேனுக்கு 0.021 வந்தது, HD ஃபைலுக்கு 0.004. தனியாக ஒரு எண்ணுக்கு அர்த்தம் இல்லை, ஒரே படத்தின் நகல்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கும்போதுதான் அது பேசும். ஒன்றரை மடங்கு மட்டும் பெரிதாக்கியிருந்தால் 50 சதவீதம் என்பது அதிகச் சுருக்கம், அசல் நுணுக்கமும் சேர்ந்து அடிபட்டு எண் ஏறிவிடும். சந்தேகம் இருந்தால் 70 சதவீதத்துக்குச் சுருக்கி, துண்டின் பழைய அளவுக்கே திருப்பிப் பார்ப்பேன்.

இப்போது கடினமான பகுதி. மூன்றாவதும் நான்காவதும் ஒரே பிக்சல் அளவு. தர எண்ணை நம்பினால் 95 உள்ள நான்காவதை எடுக்க வேண்டும், கொஞ்சம் வெளிச்சம் கூட்டியிருந்ததால் பார்க்கவும் அதுதான் பளிச்சென்று இருந்தது. சுவரில் லெவல்ஸை நெருக்கியதும் 8 பிக்சல் வலை அப்பட்டமாக வந்தது. 95ல் முதல்முறை சேமித்த படத்தில் இவ்வளவு வலை வராது. யாரோ முன்பே குறைந்த தரத்தில் சேமித்ததை எடுத்து, வெளிச்சம் கூட்டி, உயர்ந்த தரத்தில் மறுபடி சேமித்திருக்கிறார்கள்.

அக்காவுக்கு இதைக் காட்ட வேண்டும் என்பதற்காக இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அம்மாவின் நெற்றியைத் திறந்தேன். குங்குமப் பொட்டு. ஜேபெக் நிறத்தை வெளிச்சத்தைவிட முரட்டுத்தனமாகச் சேமிக்கும், பெரும்பாலும் நிறத்தின் அளவையே இரு பக்கமும் பாதியாக்கிவிடும். அதனால் சிவப்புதான் முதலில் அடி வாங்கும். நான்காவதில் பொட்டின் ஓரம் படிக்கட்டு மாதிரி உடைந்து, சிவப்பு தோலுக்குள் கசிந்திருந்தது. ஸ்கேனில் பொட்டு வட்டமாக, கீழே வியர்வையில் லேசாக வழிந்த கோட்டோடு இருந்தது. புடவை ஜரிகையைச் சுற்றியும் அப்படித்தான்: நான்காவதில் கொசு மொய்ப்பது போலப் புள்ளிகள், ஸ்கேனில் அந்த இடம் சுத்தம். "ஆமா தம்பி, அன்னிக்கு ஹோமப் புகை, அம்மாவுக்கு வேர்த்து ஊத்திச்சு" என்றார் அக்கா. அதற்குமேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

ஃபைலுக்குள் இருக்கும் விவரத்தையும் கடைசியாக ஒரு முறை பார்த்தேன்:

```
exiftool -Make -Model -Software -CreateDate -XResolution *.jpg
```

ஸ்கேனில் ஸ்கேனரின் பெயரும் 2009ஆம் வருடத் தேதியும், டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பதற்கு 600 என்ற எண்ணும் இருந்தன. 2400ஐ 600ஆல் வகுத்தால் 4 அங்குலம், 3600ஐ வகுத்தால் 6 அங்குலம். அந்தக் கால போஸ்ட்கார்டு சைஸ் பிரிண்ட் அப்படியே கிடைத்துவிட்டது. HD ஃபைலில் 300 என்று எழுதியிருந்தது. 2667ஐ அதால் வகுத்தால் எந்தப் பேப்பர் அளவிலும் உட்காராத ஒரு எண்தான் வருகிறது. டிபிஐ யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதக்கூடிய எண். ஆகவே மற்ற தடயங்களோடு பொருந்தும்போது மட்டும்தான் அதற்கு மதிப்பு.

இந்த முறை என்னை ஒரு இடத்தில் தொடர்ந்து குழப்பியிருக்கிறது. சாதாரணக் கடைப் பிரிண்டை 1200ல் ஸ்கேன் செய்திருந்தால், பேப்பரில் அவ்வளவு நுணுக்கமே கிடையாது, அதனால் அசல் ஸ்கேன்கூடச் சுருக்கும் சோதனையில் பெரிதாக்கிய நகல் மாதிரியே தோற்கும். ஃபோகஸ் தப்பிய படமும் அப்படியே. அப்போது நான் ஆட்களை விட்டுவிட்டுத் தூசியைத் தேடுவேன். ஸ்கேனர் கண்ணாடியில் கிடந்த தூசி, பிரிண்டின் கீறல், மேட் பேப்பரின் சொரசொரப்பு, இவையெல்லாம் படம் மங்கலாக இருந்தாலும் ஸ்கேனில் கூர்மையாக விழும். பெரிதாக்கிய நகலில் தூசியும் முகத்தோடு சேர்ந்தே மங்கியிருக்கும். இந்த ஸ்கேனிலும் மேல் இடது மூலையில் ஒரு நூல் இழை கிடந்தது, நான்காவதில் அது தடித்துப் போயிருந்தது, HD ஃபைலில் வெறும் கறை.

`scan0012.jpg`ஐ 12க்கு 18ல் போட்டோம், அங்குலத்துக்கு 200 பிக்சல் வருகிறது, சுவரில் மாட்டிப் பார்க்க அது போதும். நூல் இழையை மட்டும் எடுத்தேன், வியர்வைக் கோட்டைத் தொடவில்லை. ஃப்ரேம் வாங்க வந்த அன்று, தம்பிகளுக்கும் படத்தை அனுப்ப வேண்டும் என்றார் அக்கா. வாட்ஸ்அப்பில் கேலரியைத் தொடாமல் டாக்குமென்ட் வழியாக எப்படி அனுப்புவது என்று அவர் ஃபோனிலேயே செய்து காட்டி, போய்ச் சேர்ந்த ஃபைல் 2.9 எம்பி இருக்கிறதா என்று தம்பியிடம் கேட்கச் சொன்னேன். இருக்கிறது என்று பதில் வந்தது.