ஒரே வகுப்பறை பிராம்ப்டோடு ஒன்றரை வருடம்

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கான பாட வீடியோக்களுக்குப் பின்னணிப் படம் செய்து கொடுப்பது என் வேலை. கதாபாத்திரங்களைக் கையால் வரைகிறேன். அவர்கள் நிற்கும் வகுப்பறையை மட்டும் ஒன்றரை வருடமாக, எழுதிக் கொடுப்பதை வைத்துப் படம் செய்யும் ஸ்டேபிள் டிஃப்யூஷன் எக்ஸ்எல் மாடலில், வீட்டில் இருக்கும் 8 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டை வைத்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதலில் தட்டிய பிராம்ப்ட் இதுதான்:

```
bright school classroom, rows of desks, even daylight,
clean straight perspective lines
```

முதல் நாள் வந்த படங்களைப் பார்த்துச் சொக்கிப் போனேன். வெளிச்சமான அறை, வரிசையாக டெஸ்க், பளிச்சென்ற சுவர். இரண்டு மாதம் அதை அப்படியே வீடியோக்களில் போட்டேன். அதன் பிறகுதான் குறைகள் கண்ணில் பட்டன. இந்த வரியில் உள்ள நான்கு விஷயங்களில் எது சொல்லுக்கு மசியும், எது மசியாது என்பதை எழுதி வைக்கிறேன்.

வெளிச்சம் மசியும். ஆனால் `even daylight` என்ற சொல்லுக்கு அந்தப் பலம் கிடையாது. ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் உள்ள அறையில் ஜன்னலோரம் வெளுத்தும் எதிர்ச்சுவர் மங்கியும் இருப்பதுதான் இயற்கை. மாடல் பார்த்துப் பழகிய படங்களும் அப்படிப்பட்டவைதான். அதனால் சீரான வெளிச்சம் வேண்டுமென்றால் வெளிச்சத்தைப் பெயர் சொல்லிக் கேட்பதைவிட, அது எப்படி வரும் என்பதைச் சொல்ல வேண்டும்: இரண்டு பக்கமும் ஜன்னல், மேகமூட்டமான வானம். `sunlight` என்று எழுதினால் டெஸ்க் மேல் வெயில் பட்டை பட்டையாக விழும். `no sunbeams` என்று எழுதினாலும் விழும். பிராம்ப்டைப் படிக்கும் பகுதிக்கு ‘இல்லை’ என்ற சொல் சரியாகப் புரிவதில்லை, `sunbeams` என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளும். வேண்டாததையெல்லாம் நெகட்டிவ் பிராம்ப்டில்தான் போட வேண்டும்.

சீராக இருக்கிறதா என்பதைக் கண்ணை நம்பி முடிவு செய்யாதீர்கள். படம் வரையும் மென்பொருளான கிரிட்டாவில் கலர் பிக்கரை எடுத்து, எதிர்ச்சுவரின் இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் ஒவ்வொரு முறை தொட்டுப் பாருங்கள். என் பழைய படம் ஒன்றில் வெளிச்சத்தின் எண் இடது 214, வலது 171. பார்க்கும்போது சீராகத்தான் தெரிந்தது. ஆனால் வலது ஓரத்தில் ஒரு பையனை நிறுத்தியதும், அவன் சட்டையின் வெள்ளை சுவரைவிட்டுத் துருத்திக்கொண்டு நின்றது. இப்போது இரண்டு எண்ணுக்கும் வித்தியாசம் பதினைந்துக்கு மேல் போனால் அந்தப் படத்தை எடுத்துக்கொள்வதில்லை.

டெஸ்க் வரிசை பாதி மசியும். `12 desks` என்றால் பன்னிரண்டு வராது. எண்ணிக்கையை விட்டுவிட்டு அமைப்பைச் சொன்னபோது நன்றாக வந்தது. மூன்று பத்தி, நடுவே நடைவழி என்று எழுதினேன். நடைவழி என்ற சொல் வந்த பிறகு டெஸ்க்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது பெரும்பாலும் நின்றது. தூரத்து வரிசைகளில் கால் குறைவதும், நாற்காலியும் டெஸ்க்கும் ஒரே மரமாக உருகிப்போவதும் இன்றும் உண்டு.

இனி நேர்கோடு. எனக்கு அதிகம் பாடம் கற்றுக்கொடுத்தது இதுதான்.

அனிமேஷனில் பல வருடம் பழகிய ஓர் அண்ணன் என் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, “டீச்சர் தரையில நிக்கலம்மா” என்றார். நிழலைச் சொல்கிறார் என்று நினைத்து, “நிழல் போட்டிருக்கேனே அண்ணே” என்றேன். “நிழல் சரிதான். அந்த ரூமுக்கு அடிவானம் ரெண்டு இருக்கு, கோடு போட்டுப் பாரு” என்றார்.

போட்டுப் பார்த்தேன். படம் 1344க்கு 768 பிக்சல். ஒரு பக்கச் சுவரில் தரையோரக் கோட்டையும் கூரையோரக் கோட்டையும் நீட்டினால் அவை சேரும் இடம், அதாவது அடிவானம், மேலிருந்து 352ஆம் பிக்சல். டெஸ்க் வரிசைகளின் விளிம்புகளை நீட்டினால் அவை சேர்ந்தது 410இல். ஒவ்வொரு கோடும் தனித்தனியாக நேராகத்தான் இருந்தது. ஆனால் அறையைப் பார்க்கும் கண் வேறு, டெஸ்க்கைப் பார்க்கும் கண் வேறு.

அதனால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டேன். அறையை உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கண்ணால் பார்க்கிறோம், அந்தக் கண்மட்டம் தரையிலிருந்து 1.1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அடிவானக் கோடு எப்போதும் கண்மட்டத்தில்தான் இருக்கும். டீச்சரின் பாதம் 560ஆம் பிக்சலில் இருக்கிறது. அறையின் அடிவானப்படி 560லிருந்து 352 போக 208 பிக்சல்தான் 1.1 மீட்டர். அப்படியானால் 1.6 மீட்டர் உயரமுள்ள டீச்சர் சுமார் 302 பிக்சல் இருக்க வேண்டும். டெஸ்க்கின் அடிவானப்படி 150 பிக்சல்தான் 1.1 மீட்டர், டீச்சர் 218 பிக்சலாகிறார். நான் உத்தேசமாக நடுவில் ஓர் உயரம் வைத்திருந்தேன். அவர் சுவருக்குக் குட்டையாகவும் டெஸ்க்குக்கு நெட்டையாகவும் நின்றார். எந்த நிழலும் இதைச் சரிசெய்யாது.

அன்றிலிருந்து ஒவ்வொரு படத்திலும் முதலில் இந்தச் சோதனையைத்தான் செய்கிறேன். கிரிட்டாவின் அசிஸ்டண்ட் கருவியில் வேனிஷிங் பாயிண்ட் இருக்கிறது. அதைத் தரைக்கோடுகள் சேரும் இடத்தில் வைத்து, டெஸ்க் விளிம்புகள் அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பிராம்ப்டில் `straight perspective lines` என்று எத்தனை தடவை எழுதினாலும் இது சரியாகாது. மாடலுக்குள் கேமரா என்று ஒன்று இல்லை. வகுப்பறைப் படத்தில் கோடுகள் பொதுவாக எப்படிப் போகும் என்ற பழக்கம் மட்டுமே இருக்கிறது. `one-point perspective` என்றும், பின்பக்கத்திலிருந்து கரும்பலகையைப் பார்ப்பதாகவும் எழுதினால் அந்தப் பழக்கம் நமக்கு உதவும் பக்கம் சாயும், அவ்வளவுதான். `wide angle` என்ற சொல்லை எடுத்தேவிட்டேன், ஓரத்து டெஸ்க்குகள் வளைந்து வந்தன.

கடைசியில் கேமராவை நானே கொடுப்பது என்று முடிவு செய்தேன். முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரில் 6 மீட்டர் அகலம், 8 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரத்தில் ஒரு பெட்டி அறை. டெஸ்க்குக்குப் பதிலாக ஒரு பலகையும் நான்கு கால்களும், அதை அரே மாடிஃபையர் போட்டு மூன்று பத்தியாகப் பெருக்கினேன். கேமரா பின்சுவரை ஒட்டி, 1.1 மீட்டர் உயரத்தில், 28 மிமீ லென்ஸ். தரை இன்னும் கொஞ்சம் தெரிய வேண்டும் என்று கேமராவைக் குனிய வைக்கக் கூடாது. குனிந்தால் ஜன்னல் சட்டங்களும் சுவர் மூலைகளும் கீழ்நோக்கிக் குவியும். கேமராவின் X சுழற்சியை 90 டிகிரியில் நிறுத்திவிட்டு, `Shift Y` எண்ணை மட்டும் மாற்றி சட்டகத்தை நகர்த்த வேண்டும். நிற்கும் கோடுகள் செங்குத்தாகவே இருக்கும். இந்த ஒரு விஷயத்தை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் எனக்குப் பல ராத்திரிகள் மிச்சமாகியிருக்கும்.

எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று காட்டும் ஆழப்படத்தை அந்தக் காட்சியிலிருந்து எடுத்து, அதன்படியே மாடலை வரையவைக்கும் டெப்த் கண்ட்ரோல்நெட்டுக்குக் கொடுத்தேன். பிராம்ப்ட் இப்போது இப்படி:

```
bright school classroom, three columns of wooden desks, clear aisles,
one-point perspective, view from the back toward the blackboard,
windows on both sides, soft overcast daylight, cream walls

Negative: sunbeams, hard shadows, fisheye, people, text
```

ஆழப்படத்தின் பிடி எவ்வளவு இறுக்கம் என்று சொல்லும் கண்ட்ரோல் வெயிட் 0.7, அந்தப் பிடி எங்கே முடியும் என்று சொல்லும் எண்டிங் ஸ்டெப் 0.8. வெயிட்டை 1.0 வைத்தால் என் பெட்டிகள் பெட்டிகளாகவே வந்தன, மரத்தின் தன்மை வரவில்லை. 0.4க்குப் போனால் தூரத்து வரிசை டெஸ்க்குகள் பழையபடி தங்கள் அடிவானத்தைத் தேடிப் போயின. கடைசி இருபது சதவீத ஸ்டெப்புகளில் பிடியை விட்டுவிடுவதால் டெஸ்க் விளிம்பின் தேய்மானம், சுவரின் சுண்ணாம்புத் திட்டு போன்றவை இயல்பாக வருகின்றன. பிளெண்டரில் இரண்டு மாலைப் பொழுது செலவானது. அந்த அறையை வைத்தே ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். டீச்சர் எங்கே நின்றாலும் அடிவானக் கோடு அவர் உயரத்தில் 1.1/1.6 பங்கில், ஏறக்குறைய மார்பளவில், கடக்கிறது. உயரத்தை இப்போது உத்தேசமாக வைப்பதே இல்லை.

இன்னும் சரியாகாதது ஜன்னல் கம்பி. இந்த மாடல் படத்தின் ஒவ்வொரு எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டத்தையும் ஒரே புள்ளியாகச் சுருக்கி வைத்துத்தான் வேலை செய்கிறது. தூரத்து ஜன்னலில் கம்பி இரண்டு மூன்று பிக்சல்தான். அந்த அளவில் கோடு நெளிகிறது, இரண்டு கம்பி நடுவில் சேர்ந்துவிடுகிறது. படத்தைப் பெரிதாக்கும்போது, மாடல் எவ்வளவு மாற்றி வரையலாம் என்று சொல்லும் டினாய்ஸை 0.5க்கு ஏற்றினால் நேராக இருந்த டெஸ்க் விளிம்பும் நெளியத் தொடங்கும், நான் 0.25ஐத் தாண்டுவதில்லை. கம்பிகளை அழித்துவிட்டு, கிரிட்டாவில் நேர்கோட்டுக் கருவியால் நானே போடுகிறேன். ஒரு படத்துக்குப் பத்து நிமிடம். கரும்பலகையையும் காலியாக எடுத்து, எழுத்தை நானே எழுதுகிறேன். பலகை நேர் எதிரே இருப்பதால் எழுத்தைச் சாய்க்க வேண்டிய வேலையும் இல்லை.

நம் ஊர்ப் பள்ளியாகக் காட்டுவதில் ஒரு வருத்தம் எனக்கு ரொம்ப நாள் இருந்தது. `Indian` என்று ஒரு சொல் சேர்த்தால் போதும், அதே அறை இருண்டு, சுவர் காரை பெயர்ந்து, மஞ்சள் படிந்து வந்தது. `bright` என்று எழுதியிருந்தும் அப்படித்தான். வெள்ளையடித்து, சுத்தமாகப் பெருக்கி வைத்த எத்தனையோ அரசுப் பள்ளி வகுப்பறைகளில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அறை இப்படி வருவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நாட்டின் பெயரை எடுத்துவிட்டுப் பொருள்களின் பெயரைச் சொன்னேன்: நீள பெஞ்சு, இரும்புக் கம்பி ஜன்னல், பாதி உயரம் வரை நீலம் அடித்த சுவர், சீலிங் ஃபேன். வெளிச்சம் திரும்பி வந்தது. பிள்ளைகளுக்கு அது அவர்கள் பள்ளி மாதிரியே தெரிகிறது என்று ஒரு டீச்சர் சொன்னார்.

ஃபேனுக்கு மட்டும் இறக்கை சில நேரம் நான்கு, சில நேரம் ஐந்து. பிளெண்டர் அறையில் மூன்று இறக்கை ஃபேன் ஒன்றைச் செய்து மாட்டிப் பார்த்தேன். ஆழப்படத்தில் மெல்லிய இறக்கை கூரையோடு கலந்துவிடுகிறது. இறக்கையைக் கொஞ்சம் தடிப்பாக்கி, ஃபேனை இன்னும் கீழே இறக்கி இந்த வாரம் மறுபடி எடுக்கப் போகிறேன்.