ஸ்டாக் வித்தியாச ரிப்போர்ட்: தினமும் பார்த்துப் பழகியதில் தெரிந்தவை

எங்கள் சொந்த ஆன்லைன் கடையில் இருக்கும் அதே பொருட்களை மூன்று சந்தைத் தளங்களிலும் விற்கிறோம். நான்கு இடத்திலும் இருப்பு எண்ணிக்கை ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று தினமும் காலையில் ஒரு ரிப்போர்ட் வரும். அதை நீண்ட நாளாகப் பயன்படுத்துகிறேன். இருப்பை எல்லாத் தளங்களுக்கும் அனுப்புகிற இணைப்பு மென்பொருள் தனியாக இருக்கிறது. அது சொன்ன வேலையைச் செய்ததா என்று பார்ப்பதுதான் இந்த ரிப்போர்ட்டின் வேலை. அதனால் இரண்டும் ஒரே மென்பொருளாக இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அனுப்பியவரிடமே போய்ச் சேர்ந்ததா என்று கேட்டால், அனுப்பினேன் என்ற பதில்தான் கிடைக்கும்.

முதலில் எதை எதோடு ஒப்பிடுவது என்பதைச் சரியாக வைக்க வேண்டும். எங்கள் சொந்தக் கடை இயங்கும் ஷாப்பிஃபையில் ஒரு பொருளுக்கு On hand, Committed, Available என்று தனித்தனி எண்கள் உண்டு. அலமாரியில் 14 இருக்கிறது, அதில் 2 ஏற்கெனவே ஆர்டரான, இன்னும் அனுப்பாத பொருள் என்றால் Available 12. ஒப்பிட வேண்டியது இந்த 12-ஐத்தான். அதையும் அப்படியே ஒப்பிட முடியாது. கடைசி ஒன்றிரண்டு பொருளை இரண்டு தளங்களில் ஒரே நேரத்தில் விற்றுவிடாமல் இருக்க 2 நிறுத்தி வைக்கிறோம். சில தளங்களில் அதே பொருளை மூன்று சேர்ந்த பேக்காக விற்கிறோம். ஆகவே ஒவ்வொரு லிஸ்டிங்குக்கும் அங்கே இருக்க வேண்டிய எண்ணை முதலில் கணக்கிட்டு, பிறகுதான் ஒப்பிடுகிறோம்:

```
=MAX(0, INT((C2-D2)/E2))
```

C2 என்பது Available, D2 நிறுத்தி வைக்கும் அளவு, E2 பேக்கில் எத்தனை. 12 இருந்தால் தனிப் பொருளுக்கு 10, மூன்று பேக்குக்கு 3. தளத்தின் கிடங்கிலிருந்தே அனுப்பப்படும் பொருட்களை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்தச் சரக்கு நம் அலமாரியில் இல்லை.

இதெல்லாம் சரியாக இருந்தும் ரிப்போர்ட்டில் வரிகள் வந்துகொண்டே இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை உண்மையான வித்தியாசம் இல்லை, நேர வித்தியாசம். தளங்கள் தரும் லிஸ்டிங் கோப்பு கேட்ட உடனே வராது, தயாராகிக் கொஞ்சம் கழித்து வரும். அதற்குள் நம் கடையில் ஒன்று விற்றிருக்கலாம். இன்னொரு காரணம் அமேசான் போன்ற தளங்களில் Pending நிலையில் நிற்கும் ஆர்டர். வாங்கியவரின் பணம் இன்னும் உறுதியாகவில்லை. தளம் தன் எண்ணில் ஒன்றைக் குறைத்துவிட்டது, ஆனால் நம் இணைப்பு மென்பொருள் அந்த ஆர்டரை இன்னும் எடுத்து வரவில்லை. ரிப்போர்ட்டில் 10 இருக்க வேண்டிய இடத்தில் 9 என்று காட்டும். ஆர்டர் உறுதியானதும் நம் பக்கமும் குறைந்து தானாகவே பொருந்திவிடும். இதைப் பார்த்துப் பதறி யாராவது 10 என்று மாற்றி எழுதினால்தான் புதுப் பிரச்சினை ஆரம்பிக்கும்.

இதற்கு நாங்கள் கண்ட வழி எளியது. தளங்களின் கோப்புகளைக் கேட்பதற்கு முன்பு ஒரு முறையும், எல்லாம் வந்து சேர்ந்த பிறகு ஒரு முறையும் நம் கடையின் எண்ணை எடுக்கிறோம். இரண்டுக்கும் இடையே எண் மாறிய பொருள் ஓடிக்கொண்டிருக்கும் பொருள், அன்று அதைப் பற்றித் தீர்ப்பு கிடையாது. மீதியில் பொருந்தாதவற்றை மட்டும் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்கிறோம். அப்போதும் நிற்பவைதான் ரிப்போர்ட்டுக்குள் வரும். இதைச் செய்யாத வரை ரிப்போர்ட் நீளமாக இருந்தது. நீளமான ரிப்போர்ட்டை யாரும் படிப்பதில்லை.

அப்புறம், இந்த ரிப்போர்ட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி: ஒவ்வொரு வரியிலும் இன்றைய எண்ணோடு முந்தைய இரண்டு நாள் எண்ணும் வரும். ஒரு நாள் வித்தியாசத்தை வைத்துக் காரணம் சொல்ல முடியாது. மூன்று நாள் வரிசையாக இருந்தால் காரணம் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

எங்களுக்கு வந்த ஒரு வரியையே எடுத்துக்கொள்வோம். ஒரு தண்ணீர் பாட்டில், மூன்றாவது தளம். இருக்க வேண்டியது 10, 8, 5. தளம் காட்டியது 12, 12, 12. வித்தியாசம் 2, 4, 7 என்று வளர்கிறது, தளத்தின் எண்ணோ அசையவே இல்லை. அப்படியென்றால் நாம் அனுப்பும் எதுவும் அங்கே போய்ச் சேரவில்லை. இணைப்பு மென்பொருளில் பார்த்தால் எல்லாம் அனுப்பியாயிற்று என்று பச்சையில் இருந்தது. தளம் கோப்பைப் பெற்றுக்கொண்டது உண்மைதான். ஆனால் கோப்பைப் பெறுவது வேறு, அதிலுள்ள ஒவ்வொரு வரியையும் ஏற்பது வேறு. தளம் திருப்பித் தரும் செயலாக்க அறிக்கையைத் திறந்தபோது இந்த ஒரு வரி மட்டும் நிராகரிக்கப்பட்டிருந்தது. அங்கே அந்த லிஸ்டிங்கைப் புதிதாகப் போட்டபோது பொருள் குறியீடு மாறியிருந்தது, நாம் பழைய குறியீட்டுக்கே அனுப்பிக்கொண்டிருந்தோம். குறியீட்டை மாற்றியதும் அடுத்த முறை 5 என்று வந்தது. அந்தத் தளத்தில் அந்த நாட்களில் ஆர்டர் வராதது நல்ல வேளை. இல்லாத சரக்கை விற்றிருந்தால் ஆர்டரை ரத்து செய்ய வேண்டியிருக்கும், அது நேராக விற்பனையாளர் மதிப்பீட்டில் போய் விழும்.

இன்னொரு வடிவம்: இருக்க வேண்டியது 20, 17, 15, தளம் காட்டுவது 21, 18, 16. இரண்டும் சேர்ந்தே நகர்கின்றன, இடைவெளி மட்டும் 1 என்று மாறாமல் நிற்கிறது. இங்கே தொடர்பு நன்றாக இருக்கிறது, எப்போதோ ஒரு நிகழ்வு இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் ரத்தான ஆர்டர்தான் காரணம்: தளம் தானே ஒன்றைத் திருப்பிச் சேர்க்கும், இணைப்பு மென்பொருளும் ஒன்றைச் சேர்க்கும். 'ஒன்றைக் கூட்டு, ஒன்றைக் குறை' என்று அனுப்பும் அமைப்பில் இந்தத் தவறு அப்படியே தங்கிவிடும். 'இப்போதைய இருப்பு 15' என்று முழு எண்ணாக அனுப்பும் அமைப்பில் அடுத்த அனுப்புதலிலேயே சரியாகிவிடும். அந்த அமைப்புக்கு மாறிய பிறகு இந்த வகை வரிகள் எங்களுக்கு வெகுவாகக் குறைந்துவிட்டன.

வரிகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதிலும் எனக்கு அபிப்பிராயம் உண்டு. வித்தியாசத்தின் அளவை வைத்து அடுக்கக் கூடாது. நம்மிடம் 300 இருக்கும் பொருளுக்கு 40 வித்தியாசம் வந்தால் மதியம் பார்த்துக்கொள்ளலாம். நம்மிடம் 0, தளத்தில் 1 என்பதை உடனே பார்க்க வேண்டும். தளம் அதிகமாகக் காட்டுபவை மேலே, அவற்றில் நம் இருப்பு குறைந்தவை முதலில். குறைவாகக் காட்டுபவை கீழே, ஆனால் கட்டாயம் இருக்க வேண்டும். அவை யாரும் புகார் சொல்லாமலே விற்பனையை இழக்க வைக்கும்.

ஒரு பக்கம் மட்டும் இருக்கும் பொருட்களைத் தனிப் பகுதியாகக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு பட்டியலிலும் இருப்பதை மட்டும் ஒப்பிடும் ரிப்போர்ட் அவற்றைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். விரிதாளில் திறந்தபோது 00417 என்ற குறியீடு 417 ஆகிவிட்டிருந்தால்கூட அந்தப் பொருள் காணாமல் போகும். குறியீட்டு நெடுவரிசையை எழுத்தாகவே இறக்குவது இதைத் தடுக்கும்.

இந்த ரிப்போர்ட்டால் முடியாதது ஒன்று உண்டு. இது பதிவையும் பதிவையும்தான் ஒப்பிடுகிறது, அலமாரியைப் பார்ப்பதில்லை. உடைந்த ஒரு பாட்டிலைக் கணக்கிலிருந்து எடுக்கவில்லை என்றால் நான்கு இடத்திலும் ஒரே தவறான எண் இருக்கும், ரிப்போர்ட் காலியாக வரும். அதனால் வாரம் ஒரு முறை, திரும்பி வந்த பொருட்களையும் இருப்பு ஐந்துக்குக் கீழே போனவற்றையும் கையால் எண்ணுகிறோம். எண்ணியதைச் சொந்தக் கடையில் மட்டும் திருத்துகிறோம், அங்கிருந்து மற்றத் தளங்களுக்குத் தானாகப் போகும்.