பதில் வராத வாடிக்கையாளருக்குக் கடைசி மின்னஞ்சல்: எப்படி முடிப்பது?

ஒரு நூற்பாலையின் மனிதவள மேலாளர் நவம்பரில் உங்கள் சம்பளக் கணக்கு மென்பொருளின் செயல்விளக்கத்தைப் பார்த்தார், விலைப்பட்டியலும் கேட்டு வாங்கினார். அதன்பின் நான்கு மின்னஞ்சல்கள் போயும் பதில் இல்லை. இனி என்ன செய்வது?

பலரும் செய்வது, "முந்தைய மடலைப் பார்த்தீர்களா?" என்று ஐந்தாவதாக ஒன்றை அனுப்புவது. அதில் புதிய செய்தி எதுவும் இல்லை. அவர் பதில் சொல்லாததை நினைவூட்டும் மடல் அது. சங்கடம் கூடக்கூட அவர் இன்னும் ஒதுங்குவார். எரிச்சலில் ஸ்பேம் என்று குறித்துவிட்டால், உங்கள் நிறுவனத்தின் மற்ற மடல்களும் பாதிக்கப்படலாம்.

சத்தமில்லாமல் நிறுத்திவிடுவது இதைவிட மேல். ஆனால் மேலாளர் பட்ஜெட் ஒப்புதலுக்காகக் காத்திருந்தால், அதை நீங்கள் அறியவே மாட்டீர்கள்.

மூன்றாவது வழி, கண்ணியமாக விடைபெறுவது:

"வணக்கம் மேடம். ஓவர்டைம் கணக்கில் வரும் பிழைகளைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும் என்று நவம்பரில் சொன்னீர்கள். இப்போது அதற்கு நேரம் அமையவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். இனி நினைவூட்டல் அனுப்ப மாட்டேன். புதிய நிதியாண்டில் தேவைப்பட்டால் இந்த மடலுக்கே பதில் எழுதுங்கள்."

இது பலிப்பதற்குக் காரணம், கையில் இருப்பதை இழக்கும் அச்சம் என்பார்கள். உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-இல் எழுதிய கோட்பாடு அது. இங்கே அதைவிடப் பொருந்துவது, 1966-இல் உளவியலாளர் ஜாக் பிரேம் விளக்கிய எதிர்ப்புணர்வு என்பது என் கருத்து. தன் முடிவுரிமையில் யாரோ கைவைப்பதாகத் தோன்றினால் மனிதர் முரண்டு பிடிப்பார். அழுத்தம் விலகியதும் "ஏப்ரலுக்குப் பிறகு பேசலாம்" என்று எழுதுவது அவருக்கு எளிதாகிவிடுகிறது. "வேண்டாம்" என்ற பதிலும் லாபம்தான். அந்த நேரத்தை வேறொருவருக்குச் செலவிடலாம்.

இதே மடலைக் கெடுத்துவிடவும் முடியும். "இத்தனை முறை எழுதியும் மதிக்கவில்லை" என்ற தொனி வந்தால் அது புகார்க் கடிதம். "இன்று மாலையோடு சலுகை முடிகிறது" என்று இல்லாத கெடு வைத்தால், அடுத்த மாதம் அதே விலையைக் கொடுக்கும்போது குட்டு வெளிப்படும். ஒருமுறைகூடப் பேசாதவருக்கு இம்மடலால் பெரிய பயன் இல்லை. விடைபெறுவதற்கு அங்கே உறவே தொடங்கவில்லை.

அதிகம் நடக்கும் தவறு மடல் போன பிறகுதான் நேர்கிறது. விடைபெற்ற மறுவாரமே தானியங்கி மென்பொருள் அவரை வேறொரு விளம்பரத் தொடரில் சேர்த்துவிடும். ஆகவே கடைசி மடலை அனுப்பும் முன்பே அவர் முகவரியை எல்லாத் தொடர்களிலிருந்தும் நீக்கிவிடுங்கள். "ஏப்ரலில்" என்று பதில் வந்தால் ஒரு வரியில் நன்றி சொல்லுங்கள். அந்தத் தேதியை வாடிக்கையாளர் பதிவேட்டில் குறித்துவைத்து, அதுவரை எழுதாதீர்கள்.