200 மீட்டர் டிராக்: 50 மீட்டர் நேர்ப்பகுதியா, 40 மீட்டரா?

பள்ளி மைதானத்தில் 400 மீட்டர் டிராக்குக்கு இடம் கிடைப்பது அபூர்வம். பெரும்பாலும் 200 மீட்டரில்தான் திருப்தி அடைய வேண்டும். அதையும் ஒரே வடிவத்தில் போட வேண்டும் என்றில்லை. இரண்டு நேர்ப்பகுதிகளும் இரண்டு அரைவட்டங்களும் சேர்ந்து 200 வந்தால் சரி.

அரைவட்டங்கள் இரண்டையும் சேர்த்தால் ஒரு முழு வட்டம். எனவே சுற்றளவு = 2L + 2πr. L என்பது ஒரு நேர்ப்பகுதியின் நீளம், r ஆரம். நேர்ப்பகுதி 50 மீட்டர் என்றால் வளைவுகளுக்கு மிச்சம் 100 மீட்டர், ஆரம் 15.92. நேர்ப்பகுதி 40 என்றால் வளைவுகளுக்கு 120, ஆரம் 19.10.

இந்த ஆரத்தை அப்படியே எடுத்துச் சுண்ணாம்புக் கோடு போட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஓடுபவர் கோட்டின் மேல் ஓடுவதில்லை. உள்ளோரத்தில் உயர்ந்த கட்டை இல்லாமல் கோடு மட்டும் போட்ட பாதையில், உள்கோட்டின் வெளி ஓரத்திலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளித்தான் தூரத்தை அளப்பது விதி. கோட்டையே 15.92-இல் போட்டால் ஒரு சுற்று 201.26 மீட்டர் ஆகிவிடும். நான்கு சுற்று ஓடும் 800 மீட்டரில் 5 மீட்டர் கூடும். ஆகவே கோட்டின் ஆரம் முதல் வடிவத்துக்கு 15.72, இரண்டாவதுக்கு 18.90. கயிறு இழுபடும் என்பதால் ஸ்டீல் டேப்பே நல்லது.

இனி இடம். 1.22 மீட்டர் அகலத்தில் நான்கு லேன் போட்டால் முதல் வடிவத்துக்கு ஏறக்குறைய 91.2 × 41.2 மீட்டர் தேவை. இரண்டாவதுக்கு 87.6 × 47.6. சுற்றிலும் நிற்க இடம் தனி. நீளமாக, ஒடுங்கிய மைதானம் என்றால் முதலாவதைத் தவிர வழியில்லை.

அகலம் இருந்தால் நான் 40 மீட்டர் பக்கம்தான். ஒரே வேகத்தில் ஓடினாலும் சிறிய வளைவில் உடலை உள்பக்கம் இழுக்க ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் விசை வேண்டும். மண் தளத்தில் கால் வழுக்குவது அங்கேதான். 50 மீட்டரால் கிடைக்கும் லாபம் என்ன? நேர்ப்பகுதி கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். 100 மீட்டர் ஓட்டத்தை இரண்டிலுமே நேராக வைக்க முடியாது.

ஸ்டாகர், அதாவது வெளி லேனில் ஓடுபவர் முன்னால் தள்ளித் தொடங்க வேண்டிய தூரம், இரண்டுக்கும் ஒன்றுதான். ஒரு லேன் வெளியே போனால் ஆரம் 1.22 கூடுகிறது, ஒரு சுற்றுக்கு 2π × 1.22, அதாவது 7.67 மீட்டர். இதில் L-உம் இல்லை, r-உம் இல்லை.

கோடு போடுமுன் நடுச் செவ்வகத்தின் இரு மூலைவிட்டங்களையும் அளந்துவிடுங்கள். முதல் வடிவத்தில் 59.06, இரண்டாவதில் 55.03 மீட்டர் வர வேண்டும். இரண்டும் சமமாக இல்லையென்றால் செவ்வகம் சாய்ந்திருக்கிறது. அரைவட்டம் நேர்க்கோட்டோடு சேரும் இடத்தில் முனை தட்டும்.