சத்துவாச்சாரி - ராணிப்பேட்டை தினசரி ஓட்டம்: 110 நல்லதா, 125 நல்லதா?

சத்துவாச்சாரியில் வீடு, ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை. போக வர நாற்பது கிலோமீட்டர், மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடுகிறது. முதலில் 110 சிசி ஸ்கூட்டர் வைத்திருந்தேன். 31,000 கிலோமீட்டர் தாண்டியதும் இழுவை போய்விட்டது. மேல்விஷாரம் பக்கம் லாரியை ஏறிக் கடக்க ஆக்சிலரேட்டரை முழுக்கத் திருகினால் இன்ஜின் கத்தும், வண்டி யோசித்து யோசித்துப் போகும். சின்ன இன்ஜின் இவ்வளவுதான் என்று நினைத்து 125 வாங்கினேன். இப்போது அதிலும் இரண்டு வருடம் ஆகிவிட்டது. பழைய வண்டி மனைவியிடம் இருக்கிறது.

125 வந்து ஒரு மாதம் கழித்துத்தான் பழைய வண்டியை எங்கள் தெரு மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, "அண்ணா, பெல்ட்ட எப்போ மாத்தினீங்க?" என்பதுதான். மாற்றவே இல்லை. இடது பக்க மூடியைக் கழற்றி உள்ளிருந்த ரோலர்களைக் கையில் கொடுத்தார். உருண்டையாக இருக்க வேண்டியவை ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகிக் கிடந்தன. பெல்ட்டின் ஓரமும் தேய்ந்து அகலம் குறைந்திருந்தது.

ஸ்கூட்டரில் கியர் வேலையை இந்த இரண்டும்தான் செய்கின்றன. இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது ரோலர்கள் வெளியே தள்ளப்பட்டு முன் புல்லியை நெருக்கும், பெல்ட் மேலே ஏறும், வண்டி வேகம் எடுக்கும். ரோலர் தட்டையானால் அந்த ஏற்றம் சீராக நடக்காது. சத்தம் கூடுகிறது, முள் ஏற மறுக்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். பெல்ட், ரோலர், கூலி எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்குள் முடிந்தது.

ஞாயிறு காலை காலியான சர்வீஸ் ரோட்டில் 40-லிருந்து 60 வரை போக எத்தனை நொடி என்று தம்பியைப் பின்னால் வேறு வண்டியில் வரச்சொல்லி போனில் பார்த்தேன். பெல்ட் மாற்றும் முன் 110-க்கு எட்டு நொடி, மாற்றிய பின் ஆறு. 125-க்கு ஐந்துக்குச் சற்றுக் குறைவு. நான் பெரிய வித்தியாசம் என்று நம்பியதில் பாதிக்கு மேல் தேய்மானம்தான். இது தெரிந்திருந்தால் வண்டி வாங்கும் முடிவை இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போட்டிருப்பேன்.

ஆனால் பின்னால் ஆள் உட்கார்ந்தால் கதை வேறு. மனைவியை ஏற்றிக்கொண்டு அதே சோதனையில் 110 எட்டு நொடியைத் தாண்டியது, 125 ஆறில் முடித்தது. லாரிக்குப் பக்கவாட்டில் நிற்கும் அந்த இரண்டு நொடி ஹைவேயில் சின்ன விஷயம் இல்லை. தனியாகப் போகிறவருக்கு இது அவ்வளவாகத் தெரியாது.

மைலேஜை ஒரே பெட்ரோல் பங்கில், பம்ப் தானாக நிற்கும் வரை மட்டும் நிரப்பி, ட்ரிப் மீட்டரைச் சுழியாக்கி, ஐந்து டேங்க் வரை பார்த்தேன். ஒரு டேங்க் கணக்கை நம்பக் கூடாது. 110 சராசரி 48, 125-க்கு 44. ஆயிரம் கிலோமீட்டருக்கு 125-க்குக் கிட்டத்தட்ட இரண்டு லிட்டர் கூடுதல். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் வருடத்துக்கு 2,300 ரூபாய். வாங்கும்போது ஆன்ரோடு விலையில் பத்தாயிரம் அதிகம் கொடுத்தேன். ஐந்து வருடத்துக்குக் கூட்டினால் 125-க்காக நான் கொடுப்பது இருபத்தோராயிரம் ரூபாய் போல வருகிறது. 60-ஐத் தாண்டி ஓட்டினால் இரண்டு வண்டியிலும் மைலேஜ் இறங்குகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எடையைப் பற்றிப் பலரும் பயப்படுகிறார்கள். காகிதத்தில் இரண்டுக்கும் ஐந்து கிலோ கூட வித்தியாசம் இல்லை. இருந்தும் மனைவி, "ஏங்க, இது கனமா இருக்கு" என்கிறாள். காரணம் சீட் உயரம். அவளுக்குக் கால் முழுக்க ஊன்றவில்லை, அதனால் மார்க்கெட் பக்கம் நிறுத்தி எடுக்கும்போது வண்டி சாய்வது போலத் தோன்றுகிறது. ஷோரூமில் எடையைக் கேட்பதைவிட, உட்கார்ந்து கால் ஊன்றி, சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்னால் தள்ளிப் பாருங்கள். அதே சமயம் என் 125-ல் முன் சக்கரம் பெரியது. லாரி கடக்கும்போது அடிக்கும் காற்றுக்கு ஹேண்டில் ஆடுவது அதில் குறைவு.

ஊருக்குள் காட்பாடி, பாகாயம் என்று தினம் பத்து, பதினைந்து கிலோமீட்டர் சுற்றுகிறவருக்கு 110-ஐத்தான் சொல்வேன். ஹைவேயில் ஆள் ஏற்றிப் போகிறவர் 125 எடுக்கலாம். எதை எடுத்தாலும் 20,000 கிலோமீட்டரில் இடது பக்க மூடியைத் திறந்து பெல்ட்டின் அகலத்தை அளக்கச் சொல்லுங்கள். என் 125 இப்போது 23,000-ல் இருக்கிறது, போன வாரம்தான் திறந்து பார்த்தோம். ரோலர் மாற்றியாயிற்று, பெல்ட் இன்னும் கொஞ்சம் ஓடும் என்றார் மெக்கானிக்.